அடுக்கு வாரியாக சாம்பிள் எடுக்கும்போது மொத்தம் எத்தனை வீடு வேண்டும்?

கேள்வி: எங்கள் வட்டத்தில் 20,000 வீடுகள். டவுனில் 8,000, சமவெளிக் கிராமங்களில் 10,000, மலை ஊர்களில் 2,000. இதில் இன்னும் விறகு அடுப்பையே முக்கியமாக வைத்துச் சமைக்கும் வீடுகள் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய சர்வே ஒன்றின்படி டவுனில் 10%, கிராமத்தில் 25%, மலையில் 60% இருக்கலாம். சாம்பிளை 30:40:30 என்று பிரிக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். மொத்த மதிப்பீட்டின் திட்டப்பிழை 1.5 சதவீதப் புள்ளியைத் தாண்டக் கூடாது. ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டால் 385 வருகிறது. அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாமா?

பதில்:

வேண்டாம், பெருக்காதீர்கள். உங்கள் கணக்குக்கு 745 வீடுகள் போதும். பிரிக்கும்போது வரும் அரைகுறைகளை மேல்நோக்கி முழுமையாக்கினால் 746. டவுனில் 224, கிராமத்தில் 298, மலையில் 224. எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அதைவிட, இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று சங்கதிகளைத்தான் நீங்கள் மேலே இருப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 385. அது எந்தக் கேள்விக்கான விடை தெரியுமா? ஒரே ஒரு பெரிய தொகுதி, விகிதம் 50% என்று வைத்துக்கொண்டு, 95% நம்பிக்கையில் கூட்டல் கழித்தல் 5 புள்ளிக்குள் விடை வேண்டும் என்றால் எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு. 1.96-ஐ வர்க்கப்படுத்தி, 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. மூன்று அடுக்கிலும் தனித்தனியாக அந்தத் துல்லியம் வேண்டுமென்றால் 1155 சரிதான். நீங்கள் கேட்பது அதுவல்ல. மூன்றையும் சேர்த்த ஒரே விகிதம், அதற்கு ஒரு திட்டப்பிழை வரம்பு. அடுக்குக்கு 385 என்று போனால் மொத்த மதிப்பீட்டின் திட்டப்பிழை சுமார் 1.26 புள்ளிக்கு இறங்கிவிடும். யாரும் கேட்காத துல்லியத்துக்காக நானூறு வீட்டுக் கதவைக் கூடுதலாகத் தட்டியிருப்பீர்கள்.

உங்கள் இலக்கைப் பரவற்படியாக மாற்றிக்கொள்வோம். திட்டப்பிழை 1.5 புள்ளி என்றால் 0.015. அதன் வர்க்கம் 0.000225. இதை V என்று வைத்துக்கொள்வோம். சிலர் திட்டப்பிழைக்குப் பதிலாகப் பிழை வரம்பைத் தருவார்கள், 'கூட்டல் கழித்தல் 3 புள்ளி, 95% நம்பிக்கை' என்ற மாதிரி. அப்போது 0.03-ஐ 1.96-ஆல் வகுத்துவிட்டு வர்க்கப்படுத்த வேண்டும். வகுக்காமல் நேராக வர்க்கப்படுத்தினால் V கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரிதாகி, சாம்பிள் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். எண் சந்தேகப்படும்படி சின்னதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அதேபோல விகிதங்களை 0.25 என்று எழுதினால் V-யும் அதே அளவில் இருக்க வேண்டும். 25 என்று சதவீதமாக எழுதினால் V 2.25 ஆகிவிடும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இனி சூத்திரம். சில எழுத்துகள் வருகின்றன, அவற்றில் இரண்டைக் குழப்பிக்கொள்வது மிகச் சுலபம். பெரிய W என்பது அந்த அடுக்கு மொத்த வீடுகளில் எவ்வளவு பங்கு என்பது, உங்களுக்கு 0.40, 0.50, 0.10. இது ஊர் தருவது, நம் கையில் இல்லை. சின்ன w என்பது சாம்பிளில் அந்த அடுக்குக்கு எவ்வளவு பங்கு தருகிறோம் என்பது, உங்களுக்கு 0.30, 0.40, 0.30. இது ஆபீஸ் முடிவு செய்தது. p என்பது அந்த அடுக்கில் விறகு அடுப்பு வீடுகளின் விகிதம், q என்பது 1 − p. n என்பது நாம் தேடும் மொத்தச் சாம்பிள், N என்பது ஊரின் மொத்த வீடுகள், உங்களுக்கு 20,000.

மொத்த மதிப்பீடு என்பது அடுக்கு விகிதங்களை W-ஆல் பெருக்கிக் கூட்டுவது. ஆகவே அதன் பரவற்படியில் ஒவ்வொரு அடுக்கின் பங்கும் W-யின் வர்க்கத்தோடு வரும். அடுக்கில் எடுக்கும் சாம்பிள் nw. அதைப் போட்டு, n-ஐ வெளியே எடுத்தால் இப்படி நிற்கும்:

```
Var = (1/n) · Σ W²pq/w  −  (1/N) · Σ Wpq
```

முதல் பகுதி சாதாரணச் சாம்பிள் பிழை. இரண்டாவது பகுதி, ஊரில் இருப்பதே 20,000 வீடுதான், அதில் ஒரு பங்கை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்பதற்கான கழிவு. இந்த Var-ஐ V-க்குச் சமமாக வைத்து n-ஐத் தனியே எடுத்தால்:

```
n = Σ(W²pq/w) / ( V + Σ(Wpq)/N )
```

இவ்வளவுதான். ஊர் மிகப் பெரிதாக இருந்தால் கீழே உள்ள இரண்டாவது உறுப்பு ஒன்றுமில்லாமல் போய்விடும். மேலே உள்ள கூட்டுத்தொகையை V-யால் வகுத்தால் போதும். துல்லியமாகச் சொன்னால் pq-வை N/(N−1)-ஆல் பெருக்க வேண்டும், அடுக்கு வாரியாக, N-க்குப் பதில் அந்தந்த அடுக்கின் வீட்டு எண்ணிக்கையைப் போட்டு. 2,000 வீடு உள்ள அடுக்கில் அது எதையும் மாற்றாது. அடுக்கில் இருப்பதே முப்பது நாற்பது வீடுதான் என்றால் மட்டும் கவனியுங்கள்.

உங்கள் எண்களைப் போடுவோம். டவுனில் pq என்பது 0.10 × 0.90, அதாவது 0.09. W வர்க்கம் 0.16. பெருக்கினால் 0.0144, 0.30-ஆல் வகுத்தால் 0.0480. கிராமத்தில் pq 0.1875, W வர்க்கம் 0.25, பெருக்கினால் 0.046875, 0.40-ஆல் வகுத்தால் 0.1172. மலையில் pq 0.24, W வர்க்கம் 0.01, பெருக்கினால் 0.0024, 0.30-ஆல் வகுத்தால் 0.0080. மூன்றும் சேர்ந்து 0.1732. இதை 0.000225-ஆல் வகுத்தால் 769.7, அதாவது 770 வீடு.

இது கழிவு போடாத எண். கழிவுக்கு Wpq-களைக் கூட்ட வேண்டும்: 0.036 + 0.09375 + 0.024 = 0.15375. இதை 20,000-ஆல் வகுத்தால் 0.0000077. V-யோடு சேர்த்தால் 0.0002327. 0.1732-ஐ இதால் வகுத்தால் 744.3. மேல்நோக்கி 745. இதில் 30% என்பது 223.5, ஆக 224. 40% என்பது 298. மொத்தம் 746.

கையால் போட்டுச் சரிபார்க்கச் சலிப்பாக இருந்தால், இதைப் பைதானில் ஓட்டிப் பாருங்கள்:

```python
W = [0.40, 0.50, 0.10]
p = [0.10, 0.25, 0.60]
w = [0.30, 0.40, 0.30]
N, V = 20000, 0.000225
A = sum(a*a*x*(1-x)/b for a, x, b in zip(W, p, w))
B = sum(a*x*(1-x) for a, x in zip(W, p))
print(A/V, A/(V + B/N))
```

769.7-உம் 744.3-உம் வரும். இதை வைத்திருந்தால் பங்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அந்த மூன்று உறுப்புகளைத் திரும்பப் பாருங்கள்: 0.048, 0.117, 0.008. மொத்தத்தில் கிராமத்தின் பங்கு 68%, டவுன் 28%, மலை வெறும் 4-5%. சாம்பிளில் முப்பது சதவீதத்தை மலைக்குக் கொடுத்திருக்கிறோம்; அங்கே பிழை ஏற்கெனவே வற்றிப்போய்க் கிடக்கிறது. பிழையில் பெரும்பகுதி கிராமத்தில் இருக்கிறது. மலையில் இருப்பது பத்தில் ஒரு பங்கு வீடு. W-யின் வர்க்கம் வருவதால் அது நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. விகிதம் 60% என்பதால் pq பெரிதாக இருந்தும் அது எடுபடுவதில்லை.

இப்போது அதே V-க்கு வேறு பங்குகளில் n எவ்வளவு என்று பார்ப்போம். வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி 40:50:10 என்று பிரித்தால் w-யும் W-யும் ஒன்றாகிவிடும். மேலே உள்ள கூட்டுத்தொகை 0.15375 ஆகும், n 661. புள்ளியியலாளர் நெய்மன் 1934-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயரால் வழங்கும் பங்கீட்டில், ஒவ்வொரு அடுக்குக்கும் W-யையும் pq-வின் வர்க்கமூலத்தையும் பெருக்கி அதற்கேற்பப் பிரிப்பார்கள். (சுப்ரோவ் என்ற ரஷ்யர் 1923-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார், பெயர் என்னவோ நெய்மனுக்குப் போய்விட்டது.) அதன்படி 31:56:13 என்று வரும், n 639. இதற்குக் குறைவாக எந்தப் பங்கீட்டாலும் போக முடியாது.

661-க்கும் 639-க்கும் வித்தியாசம் 22 வீடுதான். விகிதங்களை மதிப்பிடும்போது இது வழக்கம். p 0.2-இலிருந்து 0.8 வரை எங்கே இருந்தாலும் pq-வின் வர்க்கமூலம் 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில்தான் கிடக்கும். ஆகவே எல்லா அடுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். வருமானம், நிலப்பரப்பு மாதிரி ஒரு அடுக்கில் ஏற்ற இறக்கம் மற்றதைவிட இருபது மடங்கு இருக்கக்கூடிய அளவைகளில்தான் நெய்மன் பங்கீடு பெரிதாகச் சம்பாதித்துக் கொடுக்கும். சதவீதக் கணக்கில், அடுக்குகளில் ஒன்று 2%, 3% என்று ஓரத்தில் இருந்தால் ஒழிய, வீட்டு எண்ணிக்கைப்படி பிரித்தாலே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது கொஞ்சம் உறைக்கும். அடுக்கே பிரிக்காமல், 20,000 வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால் எத்தனை வேண்டும்? மொத்த விகிதம் 0.04 + 0.125 + 0.06 = 0.225. pq 0.1744. V-யால் வகுத்தால் 775, கழிவு போட்டால் 747. உங்கள் 30:40:30-க்கு 745. அதாவது அடுக்கு பிரித்ததால் கிடைத்த லாபம் முழுவதையும் அந்தப் பங்கீடு தின்றுவிட்டது. மூன்றுக்கும் சமமாகப் பிரித்திருந்தால் 821 ஆகியிருக்கும். அடுக்கு பிரிக்காததைவிட மோசம். 'அடுக்கு பிரித்தால் சாம்பிள் குறையும்' என்று பாடத்தில் படித்தது, வீட்டு எண்ணிக்கைப்படியோ அதற்கு நெருக்கமாகவோ பிரித்தால்தான் செல்லும். பங்கை நாம் இஷ்டத்துக்கு வைத்தால் அந்த உத்தரவாதம் கிடையாது.

அதற்காக 30:40:30 தவறு என்று சொல்ல வரவில்லை. அது எதற்கு என்று கேளுங்கள். 40:50:10-இல் 661 வீடு என்றால் மலைக்கு 66 வீடுதான் போகும். மலை ஊர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சதவீதம் சொல்லச் சொன்னால், அந்த 66 வீட்டை வைத்துத் திட்டப்பிழை 6 புள்ளி, 95% வரம்பு கூட்டல் கழித்தல் 12. '48-இலிருந்து 72-க்குள் ஏதோ ஒன்று' என்று அறிக்கையில் எழுத முடியாது. 224 வீடு என்றால் திட்டப்பிழை 3 புள்ளி, வரம்பு 6. இது எழுதக்கூடியது. ஆக, கூடுதலாகப் போகும் 84, 85 வீடுகள் மலைக்குத் தனி விடை வாங்குவதற்கான விலை. மலைக்குத் தனி விடை வேண்டும் என்றால் அது நியாயமான விலை. வேண்டாமென்றால் வீண் செலவு. இதை ஆபீஸில் இந்த எண்களோடு சொன்னால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பங்கை மாற்றியதற்கு இன்னொரு விலையும் உண்டு, அது கணக்குப் போடும்போது வரும். 746 வீட்டையும் ஒரே ஷீட்டில் போட்டு, விறகு அடுப்பு இருப்பதை எண்ணி, 746-ஆல் வகுத்துவிடாதீர்கள். உங்கள் அனுமானங்கள் சரியென்றால் அப்படி வரும் விடை 0.03 + 0.10 + 0.18 = 31%. உண்மை 22.5%. மலை வீடுகள் மூன்று மடங்கு அதிகமாக உள்ளே வந்திருக்கின்றன, அவை விடையை இழுத்துக்கொண்டு போய்விடும். திட்டப்பிழை 1.5 புள்ளி என்று பாடுபட்டுவிட்டு, வெயிட் போட மறந்து எட்டு புள்ளிக்கு மேல் பிசகுவது நடக்கக்கூடியதுதான். அடுக்கு வாரியாக விகிதம் எடுத்து, 0.40, 0.50, 0.10-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு ஒரு முறை வெயிட் போடாத விடையையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அப்படியே ஒத்துப்போனால், வெயிட் உண்மையில் வேலை செய்ததா என்று பாருங்கள். உங்கள் பங்கீட்டில் அவை ஒத்துப்போகக் காரணம் இல்லை.

அடுத்து, p-க்கள் அனுமானம்தானே, தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எந்த p தப்பு என்பதைப் பொறுத்தது. மலையில் 60% இல்லை, 50% என்றால் n 745-இலிருந்து 746 ஆகும், அவ்வளவுதான். மலை விகிதத்தைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் டவுனில் 15%, கிராமத்தில் 30% என்று இருந்துவிட்டால் n 886. பழைய சர்வே எந்த ஆண்டு எடுத்தது, 'விறகு அடுப்பு' என்று எதை எண்ணினார்கள் என்று கிராமத்து எண்ணுக்காவது பாருங்கள். சிலிண்டர் இருந்தும் விலை ஏறினால் விறகுக்குத் திரும்பும் வீடுகள் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டன என்பதிலேயே ஐந்து புள்ளி மாறலாம். ஐம்பது அறுபது வீட்டில் ஒரு முன்னோட்டம் பார்க்க முடியுமென்றால் அதைக் கிராமத்தில் பாருங்கள், மலையில் அல்ல.

எதுவுமே தெரியாது என்று எல்லா இடத்திலும் 50% வைத்தால் 1255 வரும். அது மேல் எல்லை. அதற்கு மேல் எந்த p-யும் கேட்காது. பாதுகாப்புக்காக நேராக அங்கே போய்விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் டவுனில் பாதி வீடு விறகில் சமைக்கிறது என்று யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் நம்பத்தக்க வரம்பில் 50%-க்கு அருகில் உள்ள முனையை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன் 10-15, கிராமம் 25-30 என்று நினைத்தால் 15-ஐயும் 30-ஐயும் போடுங்கள். அப்போது 886 கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் காலை வாராது.

V-ஐ மிகவும் இறுக்கினால் வரும் ஒரு விபரீதத்தையும் சொல்லிவிடுகிறேன். திட்டப்பிழை 0.4 புள்ளிக்குள் வேண்டும் என்று யாராவது கேட்டால் V 0.000016. சூத்திரம் 7312 வீடு என்று சொல்லும். அதில் 30% மலைக்கு: 2194. மலையில் இருப்பதோ 2000 வீடு! சூத்திரத்துக்கு இது தெரியாது. மலை அடுக்கின் பரவற்படி எதிர்ம எண்ணாகப் போய், மற்ற அடுக்குகளின் பிழையை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் n கிடைத்ததும் ஒவ்வொரு அடுக்கிலும் nw, அடுக்கின் வீட்டு எண்ணிக்கையைத் தாண்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தாண்டினால் அந்த அடுக்கில் எல்லா வீட்டையும் எடுத்துவிடுங்கள். அதன் பிழை பூஜ்யம், கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். மீதி இரண்டு அடுக்குக்குப் பங்கு 3:4, அதாவது 3/7, 4/7. மேலே 0.0336 + 0.0820, கீழே V-யோடு டவுன், கிராமத்தின் Wpq மட்டும். விடை 5143. மலையின் 2000-ஐச் சேர்த்தால் 7143. முதலில் வந்த 7312-ஐவிடக் குறைவு என்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். முதல் கணக்கில் மலைக்கு என்று கேட்ட வீடுகளில் ஒரு பகுதி இல்லாத வீடுகள்.

இனி இந்தச் சூத்திரத்தின் பெரிய வரம்புக்கு வருகிறேன். அடுக்குக்குள் வீடுகளைப் பட்டியலிலிருந்து நேராகக் குலுக்கி எடுப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. 298 கிராமத்து வீடுகள் 10,000-லிருந்து சிதறி வர வேண்டும். நடைமுறையில் யாரும் அப்படிப் போவதில்லை. சில ஊர்களை முதலில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஊரிலும் பத்து இருபது வீடு பார்ப்பார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தொகுப்பிலும் 22 வீடுகள் எடுத்தார்கள். ஒரே ஊரில் உள்ள வீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். பக்கத்தில் காடு இருந்தால் எல்லா வீட்டிலும் விறகு, சிலிண்டர் வண்டி வரும் ரோட்டில் இருந்தால் எல்லா வீட்டிலும் கேஸ். இருபதாவது வீடு புதிதாக எதையும் சொல்வதில்லை.

இதற்குப் பெருக்க வேண்டிய எண்: 1 + (m − 1)ρ. m என்பது ஓர் ஊரில் பார்க்கும் வீடுகள், ρ என்பது ஊருக்குள் உள்ள ஒற்றுமை. ρ 0.05 என்று வைத்தால் ஊருக்குப் பத்து வீட்டுக்கு 1.45, இருபத்திரண்டு வீட்டுக்கு 2.05. கழிவு போடாத 770-ஐப் பெருக்குங்கள், ஏனென்றால் இங்கே வீட்டு எண்ணிக்கைக் கழிவு பழையபடி பொருந்தாது. 1117 ஆகும், அல்லது 1579. சமையல் எரிபொருள் மாதிரி ஊரையும் பாதையையும் பொறுத்த விஷயத்தில் ρ 0.05-ஐவிட அதிகமாகவே இருக்கலாம். பழைய சர்வேயின் வீட்டு வாரித் தரவு கிடைத்தால் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மொத்த வீடுகளைக் கூட்டுவதைவிட ஊர்களைக் கூட்டி, ஊருக்கு வீட்டைக் குறைப்பதுதான் எப்போதும் மலிவான வழி என்று சொல்ல மாட்டேன், மலை ஊர்களுக்கு ஜீப் போகும் செலவு இருக்கிறது. ஆனால் சமவெளியில் பஸ் போகும் ஊர்களில் பெரும்பாலும் அதுதான் சரி. பிழை அங்கேதான் இருக்கிறது என்பதையும் பார்த்தோம்.

கடைசியாக, பூட்டிய வீடுகள். மொத்த எண்ணைப் பத்து சதவீதம் கூட்டிவிட்டுப் போகாதீர்கள், அடுக்கு வாரியாகச் செய்யுங்கள். பகலில் போனால் டவுனில் கதவு திறக்காத வீடுதான் அதிகம். டவுனில் 80%, கிராமத்தில் 95%, மலையில் 90% வீடுகளில் பதில் கிடைக்கும் என்று நினைத்தால் பட்டியலில் எடுக்க வேண்டியது 280, 314, 249, மொத்தம் 843. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வர மட்டும் விடாதீர்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பமும் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடும் குடும்பமும் ஒரே மாதிரி சமைப்பதில்லை. அந்தப் பிசகு எந்த V-க்குள்ளும் வராது. சாயங்காலம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை என்று திரும்பப் போகச் சொல்லுங்கள், அப்போதும் இல்லையென்றால் இல்லை என்றே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.